உச்சத்தை மறக்காத எண்

தமிழில் ‘ஏலம்’ என்பது ஒரு வாசனைப் பொருளின் பெயர். கூவி விற்பதற்கும் அதே சொல்தான். இரண்டு பொருளும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்கிற ஊர் போடிநாயக்கனூர். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் அது ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலுள்ள புற்றடி மற்றொன்று. காய் விளைவது பெரும்பாலும் கேரள மலையில். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் பணமும் ஆட்களும் அந்தக் காயோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. விடியும் முன் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2018ல் பெருவெள்ளம். அடுத்த கோடையில் வறட்சி. காய் வரத்து சுருங்கியது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. செய்தியானது அந்த 7000தான். அது உயர்தரக் காய்க்குக் கிடைத்த அதிகபட்ச விலை. அந்தச் சமயத்துச் சராசரி நாலாயிரத்துச் சொச்சம். மூன்றே வருடங்களில், 2022ல், சராசரி ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. உச்சத்தை 4000 என்றும் அடியை 1000 என்றும் குறைத்தே வைத்துக்கொண்டாலும் இறக்கம் 75 சதவீதம்.

இந்த வீழ்ச்சியை விவரிக்க நிதித்துறை நமக்குக் கொடுத்திருக்கும் பிரபலமான சொல் ‘வோலட்டிலிட்டி’. அதன் அளவுகோல் பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் போட்ட திட்ட விலக்கம். எந்த மியூச்சுவல் ஃபண்டின் மாதாந்திர அறிக்கையைத் திறந்தாலும் அது இருக்கும், பக்கத்தில் ஷார்ப் விகிதமும் இருக்கும். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952ல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும் மரபு இது: வருமானம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு ரிஸ்க். கணக்காக இது அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வலியின் அளவாக இது என்ன சொல்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு.

வழக்கமாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. திட்ட விலக்கம் ஏற்றத்தையும் ரிஸ்க்காக எண்ணுகிறது, விலை இரட்டிப்பானால் யாராவது அழுவார்களா என்பார்கள். நியாயம்தான், ஆனால் மேலோட்டமான குறை. மார்க்கோவிட்ஸே 1959ல் வந்த தன் புத்தகத்தில் இறக்கங்களை மட்டும் எடுத்துக் கணக்கிடும் முறையை விவாதித்திருக்கிறார். அதைப் போட்டாலும் தீராத வேறொரு குறை இருக்கிறது. அது வரிசை.

ஆறு வருட வருமானங்களை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க நானே உண்டாக்கிய எண்கள் இவை: மூன்று ஏற்றம் (10, 25, 40 சதவீதம்), மூன்று இறக்கம் (10, 20, 30 சதவீதம்). இரண்டு பேருக்கு இதே ஆறும் வாய்க்கின்றன, வெவ்வேறு வரிசையில்.

முதலாமவருக்கு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருகின்றன: +25, −30, +40, −20, +10, −10. அவருடைய 100 ரூபாய் 125 ஆகி, 87.50க்கு விழுந்து, 122.50க்கு ஏறி, 98, 107.80 என்று போய் 97.02ல் நிற்கிறது.

இரண்டாமவருக்கு முதலில் நல்ல காலம்: +10, +25, +40. பிறகு −10, −20, −30. அவருடைய 100 ரூபாய் 110, 137.50, 192.50 என்று ஏறி, 173.25, 138.60 என்று இறங்கி, அதே 97.02ல் நிற்கிறது.

இருவருக்கும் சராசரி வருமானம் வருடம் 2.5 சதவீதம். திட்ட விலக்கம் இருவருக்கும் ஏறத்தாழ 24.8. இறக்கங்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டாலும் இருவருக்கும் ஒரே விடைதான் வரும். ஏன் என்றால், இந்தச் சூத்திரங்கள் செய்வது கூட்டல். ஒவ்வொரு வருடத்துக்கும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல், அதன் வர்க்கம், எல்லாவற்றின் கூட்டுத்தொகை. கூட்டலுக்கு எது முன்னால், எது பின்னால் என்ற கவலை கிடையாது. ஒரு நாவலின் அத்தியாயங்களைக் கலைத்துப் போட்டு, மொத்தம் எத்தனை சாவு, எத்தனை கல்யாணம் என்று எண்ணிவிட்டு, அதுதான் விமர்சனம் என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா?

மேக்ஸிமம் டிராடவுன் கேட்பது வேறு கேள்வி: இதுவரை எட்டிய உச்சத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கீழே போனாய்? நிரலாக எழுதினால் இவ்வளவுதான் (`v` என்பது தொடக்க நூறையும் சேர்த்த மதிப்புகளின் வரிசை):

```python
peak, mdd = v[0], 0
for x in v:
    peak = max(peak, x)
    mdd = max(mdd, 1 - x / peak)
```

இதில் கவனிக்க வேண்டியது `peak` என்ற மாறி. அது ஏறும், ஒருபோதும் இறங்காது. உலகம் இறங்கிய பிறகும் பழைய உச்சத்தை மனதில் வைத்திருக்கிறது. முதலாமவருக்கு இந்த நிரல் தரும் விடை 30 சதவீதம் (125லிருந்து 87.50). இரண்டாமவருக்கு 49.6 சதவீதம் (192.50லிருந்து 97.02). இழந்ததை மீட்க முதலாமவர் தன் அடிமட்டத்திலிருந்து 43 சதவீதம் ஏறினால் போதும். இரண்டாமவர் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும். ஏலக்காய் விலைக்கு நேர்ந்த 75 சதவீத இறக்கத்தை மீட்க நாலு மடங்காக வேண்டும்.

போடியில் வியாபாரம் செய்யும் என் மாமாவிடம் இந்த இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். “மாமா, கடைசில ரெண்டு பேருக்கும் ஒரே மூணு ரூவாதான் நட்டம்” என்றேன். வேண்டுமென்றேதான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதெப்பிடி மாப்ள ஒண்ணாகும்? நூத்தித் தொண்ணூறு வச்சிருந்தவன் அத நம்பி எங்கிட்டாவது கையெழுத்துப் போட்டிருப்பான்ல?” என்றார்.

டிராடவுன் ஏன் வலியைப் பிடிக்கிறது என்பதற்கு நான் படித்த உளவியல் விளக்கங்களைவிட இந்தக் கையெழுத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பழைய உச்சம் வெறும் நினைவு என்றால் மறந்துவிடலாம். ஆனால் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் ஒப்பந்தம் செய்கிறார்கள். அன்றைய விலையை வைத்துத்தான் தோட்டத்துக்குக் குத்தகை பேசப்படுகிறது, கடன் தரப்படுகிறது, சரக்கு இருப்பு வைக்கப்படுகிறது, மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கப்படுகிறது. விலை இறங்கும், கையெழுத்துப் போட்ட தொகை இறங்காது. அந்த நிரலின் `peak` மாதிரியேதான்.

ஏலச்செடிக்கு இதில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். 2019 விலையைப் பார்த்து நட்டவர்களின் செடி காய்க்கத் தொடங்கியபோது 2022 வந்துவிட்டது. ஒருவர் மட்டும் நட்டால் அவருக்கு நட்டம், அவ்வளவுதான். மலை முழுக்க நட்டால் அத்தனை காயும் சேர்ந்து வந்து விலையை இன்னும் அழுத்தும். அதாவது, இங்கே உச்சமே அடுத்த இறக்கத்துக்கு விதை போடுகிறது. வருடங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழும் தாயக்கட்டைகள் அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் வரிசையைக் கண்டுகொள்ளாத அளவுகோல் மிக முக்கியமான செய்தியையே கீழே போட்டுவிடுகிறது.

டிராடவுனை இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் அதன் ஓட்டைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாமவரைத் திரும்பப் பாருங்கள். முதல் வருடம் 125ஐத் தொட்டவர் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதை எட்டவில்லை. 122.50 வரை வந்து நழுவிவிட்டார். ஐந்து வருடங்கள் உச்சத்துக்குக் கீழேயே வாழ்ந்திருக்கிறார். இரண்டாமவர் அப்படி வாழ்ந்தது மூன்றே வருடங்கள். ஆழத்தில் ஒருவர் வலி அதிகம், காலத்தில் மற்றவர் வலி அதிகம். மேக்ஸிமம் டிராடவுனுக்கு ஆழம் மட்டுமே தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் பீட்டர் மார்ட்டின் 1987ல் ஓர் அளவுகோலை உருவாக்கி அதற்கு ‘அல்சர் இண்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். நிதித்துறையில் வயிற்றுப் புண்ணின் பெயரைத் தாங்கிய எண் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருட முடிவிலும் உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. நம் இருவருக்கும் போட்டால் 18.5, 23.6 என்று வருகிறது. இரண்டாமவரே இன்னும் அதிகம் துன்பப்பட்டவர், ஆனால் 30க்கும் 49.6க்கும் இருந்த அகன்ற இடைவெளி சுருங்கிவிட்டது.

இன்னொரு ஓட்டை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பது. ஏல நாள்தோறும் பார்த்தால் ஒரு டிராடவுன், வருடச் சராசரிகளை மட்டும் பார்த்தால் அதைவிடச் சிறிய ஒன்று. 7000ஐ உச்சமாக வைத்து ஆயிரத்தை அடியாக வைத்தால் 86 சதவீதம் வரும். ஆனால் ஒன்று அதிகபட்ச விலை, மற்றொன்று சராசரி விலை, இரண்டையும் வகுப்பது தப்பு. டிராடவுன் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த விலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதியிலிருந்து? காலம் நீள நீள இந்த எண் கூடலாம், குறையவே குறையாது. பத்து வருட ஃபண்டையும் இரண்டு வருட ஃபண்டையும் இதை வைத்து ஒப்பிடுவது கிழவரிடமும் வாலிபனிடமும் உள்ள தழும்புகளை எண்ணுவது போல.

கடைசியாக, யாருடைய வரிசை என்ற கேள்வி. 2019ல் விலை ஏறியதே காய் இல்லாததால்தான். வெள்ளத்தில் செடியை இழந்த விவசாயிக்குக் கிலோ நாலாயிரம் என்பது உச்சமே இல்லை. அவருடைய வருமானம் விலையை மகசூலால் பெருக்கியது, அவருக்கான டிராடவுனை அந்தப் பெருக்கல் தொகையில்தான் போட வேண்டும். அதில் அடிமட்டம் 2019லேயே இருந்திருக்கலாம். விலையின் டிராடவுன் அப்படியே பொருந்துவது சரக்கை வாங்கிக் குடோனில் வைத்த வியாபாரிக்கு. காய் பறிக்க மலையேறும் பெண்ணுக்கோ விலை ஏழாயிரமானாலும் கூலி அதே கூலி. அவருடைய வரிசையில் இருப்பது வேலை கிடைத்த நாளும் கிடைக்காத நாளும்தான், அதற்கு எந்தத் திரையிலும் விலை ஓடுவதில்லை.