முழத்தைக் கிலோவாக்காத கை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் பூ விலை ஏறும் என்பது படியேறும் பக்தருக்கும் அடிவாரத்தில் கூடை வைத்திருக்கும் பூக்காரம்மாவுக்கும் தெரிந்ததுதான். மலர்க் காவடிக்குப் பேர்போன ஊரில் அது செய்தியே இல்லை. எவ்வளவு ஏறுகிறது, எந்த நாளில் ஏறத் தொடங்குகிறது, எப்போது இறங்குகிறது என்று சொன்னால்தான் செய்தி. அதற்கு வேண்டிய தரவு மிகச் சிறியது. மூன்று ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டிலும் கிருத்திகைக்கு முன்னும் பின்னும் ஏழு ஏழு நாள், பண்டிகை நாளையும் சேர்த்துப் பதினைந்து. ஒரு பூவுக்கு 45 வரிதான். கைவிரலால் தொட்டு எண்ணிவிடக்கூடிய இந்த அட்டவணையில்தான் தரவு இதழியலின் கைத்திறன் முழுதாகத் தெரியும் என்பது என் கட்சி. லட்சம் வரியில் ஒரு பிழை கரைந்துவிடும். 45 வரியில் ஒரு பிழை தலைப்பையே மாற்றிவிடும். எந்த வரைபடம் போடுவது என்ற முடிவும், பலர் நினைப்பதுபோல் கடைசியில் ரசனைக்கு விடப்படும் விஷயம் இல்லை. அட்டவணையைத் துப்புரவாக்கும்போதே அதில் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

முதலில் பெயர்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் சந்தைப் பேச்சு இரண்டு மொழியிலும் நடக்கிறது. நகரி, புத்தூர் பக்கத்துக்காரர் ‘மூர’ என்பார், உள்ளூர்க்காரர் ‘முழம்’ என்பார். இரண்டும் ஒன்றே, அட்டவணையில் ஒன்றாக்கிவிடலாம். ஊர்ப்பெயர் `Tiruttani`, `Thiruthani` என்று இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்தாலும் அப்படியே. ஆனால் இதே வேகத்தில் ‘பந்தி’யையும் ‘சாமந்தி’யையும் ஒன்றாக்கினால் கெட்டது. தெலுங்கில் பந்தி என்பது நம் துலுக்கச் சாமந்தி. ‘சாமந்தி’ என்று அவர்கள் சொல்வது செவ்வந்தி. இரண்டும் வேறு பூ, வேறு விலை. பெயரில் ‘சாமந்தி’ இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டால், மலிவான பூ அதிகம் பதிவான நாளில் விலை இறங்கியதுபோலவும் மற்ற நாளில் ஏறியதுபோலவும் ஒரு பொய் அலை தோன்றும். பண்டிகையே இல்லாமல் பண்டிகை விலை பிறந்துவிடும்.

அளவில் இன்னும் நுட்பம் இருக்கிறது. உதிரிப்பூ கிலோவில் விற்கிறது, கட்டிய சரம் முழத்தில் விற்கிறது. இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கை துடிக்கும். ஒரு முழத்தில் இத்தனை கிராம் என்று ஒரு எண்ணைப் பிடித்து எல்லா வரியையும் பெருக்கிவிட்டால் அட்டவணை அழகாக இருக்கும். நல்ல கை இதைச் செய்யாது. முழம் என்பது விற்பவரின் முழங்கை. சரத்தை நெருக்கியும் கட்டலாம், இடம்விட்டும் கட்டலாம். கூட்டம் பெருகும் நாளில் முழத்தின் விலை அப்படியே நிற்க, சரம் இளைத்துவிடும். அதுவும் விலையேற்றம்தான். ஆனால் ரூபாய்க் கட்டத்தில் அது விழவே விழாது. மாற்றும் எண் ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தத் தந்திரத்தையே நாம் அழித்துவிடுகிறோம். ஆகவே உதிரி மல்லியின் கிலோ விலை தனி, சரத்தின் முழ விலை தனி. வரைபடம் உதிரிப்பூவுக்கு மட்டும். சரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வாக்கியத்தில் சொல்லலாம்.

தேதியில் இருக்கும் கண்ணி அபாரமானது. 2023-இல் ஆடிக் கிருத்திகை ஆகஸ்ட் 9. நாம் எழுதுவது `09/08/2023`. அமெரிக்க வழக்கத்தில் அமைக்கப்பட்ட எக்செல் அதைச் செப்டம்பர் 8 என்று படித்துக்கொள்ளும், ஒரு சத்தமும் போடாது. 2022-இல் கிருத்திகை ஜூலை 23. `23/07/2022` என்பதில் 23-ஆம் மாதம் என ஒன்று இல்லாததால், அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவைக்கும். சில வரிகள் தவறான மாதத்துக்கு ஓடிப்போயிருக்கும், மீதி தேதியாகவே ஆகியிருக்காது. கண்டுபிடிக்கக் கணினி அறிவு தேவையில்லை. கட்டத்துக்குள் தேதியானவை வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகவே நின்றவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆண்டை முதலில் வைத்து `2023-08-09` என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

இனி விலை. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம், எண்கள் நான் போட்டவை. பண்டிகைக்கு முந்தைய ஐந்து சாதாரண நாளில் உதிரி மல்லி கிலோ 250, 240, 260, 250, 3000 ரூபாய். கிருத்திகை அன்று 500. ஐந்தின் சராசரி 800. அப்படியானால் பண்டிகை நாளில் விலை சரிந்துவிட்டது என்று செய்தி எழுத வேண்டிவரும். அதே ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 250.

```
=AVERAGE(E2:E6)   → 800
=MEDIAN(E2:E6)    → 250
```

500 என்பது 250-இன் இரு மடங்கு. ஒரு சுழியம் கூடிப்போனதால் ஏற்றம் இறக்கமானது. நடு எண் அதைத் தாங்கிக்கொண்டது. இதற்காக, மற்றவற்றிலிருந்து மிகவும் விலகிய எண்ணையெல்லாம் நீக்கிவிடு என்று ஒரு பொதுவிதி வைத்தால் அது இன்னும் பெரிய தவறு. விலகி நிற்கும் எண்ணைத்தானே நாம் தேடிவந்தோம்? அந்த விதி 3000-ஐ நீக்கும் கையோடு கிருத்திகை நாளின் 500-ஐயும் சேர்த்தே துடைத்துவிடும். இரண்டையும் பிரித்தறியப் பக்கத்து வரிகளைக் கேட்க வேண்டும். உண்மையான ஏற்றம் தனியாக வராது. மல்லி ஏறிய நாளில் முல்லையும் கனகாம்பரமும் கொஞ்சமாவது ஏறியிருக்கும், முந்தின நாளும் மறுநாளும் அதன் சாயல் இருக்கும். எழுத்துப் பிழை ஒற்றை ஆணிபோல் நிற்கும், சுற்றிலும் ஒன்றும் அசையாது. அப்படித் தெரிந்த பிறகும் 3000-ஐ 300 ஆக்கிவிடக் கூடாது. யாரும் நமக்கு 300 என்று சொல்லவில்லை. மூல எண் ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். பக்கத்து நெடுவரிசையில் அந்தக் கட்டம் காலியாகட்டும். மூன்றாவதில் காரணம் ஒரு வரி.

‘சாதாரண நாள்’ என்றேனே, ஆடியில் அப்படி நாள் கிடைப்பதும் எளிதல்ல. கிருத்திகைக்கு ஏழு நாள் முன்னிருந்து மூன்று நாள் முன்வரை அடிப்படை விலைக்கு எடுப்பதாக வைப்போம். 2023-இல் அது ஆகஸ்ட் 2 முதல் 6 வரை. அதற்குள் 3-ஆம் தேதி ஆடிப்பெருக்கு, 4-ஆம் தேதி ஆடி வெள்ளி. 2022-இல் ஜூலை 16 முதல் 20 வரை. முதல் நாள் இன்னும் ஆனி, முகூர்த்தம் உள்ள மாதம். ஐந்தில் இரண்டு நாள் வேறு பண்டிகையால் உயர்ந்திருந்தாலும் நடு எண் மீதி மூன்றிலிருந்துதான் வரும். மூன்று நாள் கெட்டால் அதுவும் கைவிடும். பஞ்சாங்கம் தெரியாதவர் இந்த அட்டவணையைத் துப்புரவாக்க முடியாது என்று சொல்வேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு வரைபடம் தானே தன் உருவத்தைச் சொல்கிறது. கிருத்திகை 2022-இல் ஜூலை 23, 2023-இல் ஆகஸ்ட் 9, 2024-இல் ஜூலை 29. கிடைக்கோட்டில் ஆங்கிலத் தேதியைப் போட்டு மூன்று ஆண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் மூன்று சிகரமும் மூன்று இடத்தில் நிற்கும், சராசரி எடுத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஆகவே தேதியை விட்டுவிட்டு, கிருத்திகையைச் சுழியமாக வைத்து, முன்னே −7, பின்னே +7 என்று எண்ணுகிறோம். அப்போதுதான் வேறொன்றும் கண்ணில் படும். கோயிலில் பரணி முந்தின நாளே வந்துவிடுகிறது, தெப்பம் கிருத்திகையிலிருந்து மூன்று நாள் நடக்கிறது. காவடிக்குப் பூ வாங்குவது முன்கூட்டியே நடக்கும் காரியம். சிகரம் சுழியத்தில் இல்லாமல் −1-இல் விழுந்தால் அது பிழையில்லை, செய்தி. நாட்கள் தொடர்வதால் புள்ளிகளை இணைத்த கோடு போதும். பட்டைகள் 45 அடுக்கினால் வேலியாகும். ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சிறு படங்கள், ஒன்றன்கீழ் ஒன்று, மூன்றுக்கும் ஒரே அளவுகோல். அவ்வளவுதான்.

உயரத்தில் எதை வைப்பது என்பதில்தான் பழைய பாடம் ஒன்று உதவுகிறது. விலை வரைபடத்தின் முன்னோடி வில்லியம் பிளேஃபேர் 1821-இல் கோதுமை விலையைப் பட்டைகளாகவும் தொழிலாளியின் வாரக் கூலியைக் கோடாகவும் ஒரே படத்தில் வரைந்தார். 1565 முதல் 1821 வரை நீளும் அந்தப் படம் இன்றும் பார்க்க அழகு. கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை முன்னெப்போதும் இவ்வளவு மலிவாக இருந்ததில்லை என்பது அவர் வாதம். ஆனால் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் படுவது உயர்ந்து நிற்கும் கோதுமைப் பட்டைகள்தான். ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு எத்தனை வாரக் கூலி என்று வகுத்து, அந்த ஒற்றை எண்ணை வரைந்திருந்தால் வாதம் தானாகத் தெரிந்திருக்கும். நம் பூவுக்கும் அதே வழி. அந்தந்த ஆண்டின் அடிப்படை விலையை 100 ஆக்கி, மற்ற நாட்களை அதன் விகிதமாக வரைய வேண்டும். 400-லிருந்து 800 ஆன ஆண்டும் 250-லிருந்து 500 ஆன ஆண்டும் 200 என்ற ஒரே உயரத்தைத் தொடும். ரூபாயில் வரைந்தால் முதலாவது கொள்ளை விலைபோலவும் இரண்டாவது சாதாரணமாகவும் தோன்றும்.

வாசகர் ரூபாயில்தானே காசு கொடுக்கிறார், 200 என்பது அவருக்கு என்ன புரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோட்டின் தொடக்கத்திலும் சிகரத்திலும் ரூபாயை எழுதிவிட்டால் போதும், கோடு விகிதத்தைச் சொல்ல எழுத்து பணத்தைச் சொல்லும். மூன்று ஆண்டை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்பது இதைவிடக் கனமானது. நிரூபிக்க முடியாதுதான். அதனால்தான் மூன்றையும் கலந்து நான்காவதாக ஒரு ‘சராசரிக் கிருத்திகை’க் கோடு வரையக் கூடாது என்கிறேன். மூன்று கோடும் தனித்தனியே ஒரே வடிவம் காட்டினால் வாசகரே முடிவு செய்வார், காட்டாவிட்டால் அதுவும் அவருக்குத் தெரியட்டும். ஆடி முழுதும் எல்லா ஊரிலும் பூ விலை ஏறி இறங்கும், இதில் முருகனுக்கு என்ன பங்கு என்று கேட்பவருக்கு, அதே நாட்களின் திருவள்ளூர் விலையைச் சாம்பல் நிறக் கோடாகப் பின்னால் போட்டுக்காட்ட வேண்டும். இரண்டு கோடும் சேர்ந்தே ஏறினால் கதை திருத்தணியுடையது அல்ல.

கடைசியில் காலிக் கட்டங்கள். விலை பதியாத நாள் தற்செயலாக வருவதில்லை. கிருத்திகைக்கு உள்ளூர் விடுமுறை விடும் ஆண்டில், நமக்கு மிகவும் வேண்டிய அந்த ஒரு நாளில்தான் பதிவு எடுப்பவர் வராமல் போக வாய்ப்பு அதிகம். முந்தின நாள் விலையையும் மறுநாள் விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து அங்கே நிரப்பினால் சிகரம் மொட்டையாகிவிடும். சுழியம் என்று போட்டால் பூ இலவசமாகும். −1-இல் ஏறி நிற்கும் கோடு அங்கேயே அறுந்து, +1-இல் மறுபடி தொடங்க வேண்டும். நடுவில் உள்ள வெற்றிடத்தின் கீழே சிறிய எழுத்தில்: ‘அன்று விலை பதியப்படவில்லை.’