50 ஸ்டெப் ஓட்டியும் வராத மச்சம்

தம்பியின் கல்யாண குரூப் போட்டோவில் மாப்பிள்ளையே கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அன்றே எடுத்த இன்னொரு படத்தில் கண் திறந்திருக்க, "அந்த முகத்தை இதுல வச்சுக் கொடுண்ணே" என்றான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, முக அடையாளத்தை ஊட்ட ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடி என்று உட்கார்ந்தேன். ஸீடை மாற்றாமல் ஸ்டெப் எண்ணிக்கையை மட்டும் 5, 10, 20, 30, 50 என்று கூட்டிப் பார்த்தேன்.

முதலில் ஏமாந்தது கணக்கில். பழைய படத்தின் தலைச் சாய்வும் வெளிச்சமும் கெடாதிருக்க ஸ்ட்ரெங்த்தை 0.6-இல் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் நாம் கேட்ட ஸ்டெப் முழுவதும் ஓடுவதில்லை.

```
num_inference_steps=20, strength=0.6   # ஓடுவது 12
```

ஆக 5 என்பது 3 ஆகிவிடுகிறது. அந்த 3-இல் வந்தவன் தம்பி இல்லை, யாரோ ஒரு அழகான பையன். காரணம் இதுதான்: இரைச்சல் மிகுந்திருக்கும்போது மாடல் ஊகிப்பது, சாத்தியமான பல முகங்களின் சராசரியை. சிறு அடிகளாக வந்தால் அந்த ஊகத்தை வழியில் திருத்திக்கொள்ளும். பெரிய தாவலில் சராசரி முகமே தங்கிவிடும். தாடை கொஞ்சம் மழுங்கும், தோல் மெழுகுபோலப் பளபளக்கும்.

10 கொடுத்தபோது சாயல் வந்தது, இமைமுடி இல்லை. 20-இல் அம்மா தயங்காமல் "இவன்தான்" என்றாள். 30-இல் புருவ முடி இன்னும் கொஞ்சம் தெளிந்தது. 50-க்கும் 30-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் படத்தைப் பலமுறை பெரிதாக்க வேண்டியிருந்தது. நேரமோ ஸ்டெப்புக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மாடல் முழுதாக ஒருமுறை ஓட வேண்டும், கைடன்ஸ் இருந்தால் இரண்டு மடங்கு வேலை.

இதெல்லாம் DPM++ 2M Karras சாம்ப்ளரில். Euler a-வில் இந்தச் சோதனையே செல்லாது. அது ஒவ்வொரு ஸ்டெப்பிலும் புது இரைச்சல் சேர்ப்பதால் 20-இல் ஒரு மூக்கு, 30-இல் வேறு மூக்கு. ஸ்டெப் கூடினால் முகம் மாறுகிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் சாம்ப்ளரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப் தீர்க்காத நோய்களும் உண்டு. குரூப் போட்டோவில் தம்பியின் முகம் 100 பிக்சல் அகலம்தான். மாடல் வேலை செய்யும் உள்வெளியில் அது எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 12 கட்டங்கள். அதற்குள் கண்மணியை வரைய 50 என்ன, 500 ஸ்டெப்பாலும் முடியாது. முகத்தை மட்டும் வெட்டி 512-க்குப் பெரிதாக்கி, மாற்றிய பின் திரும்ப ஒட்டியபோது, அதே 20 ஸ்டெப்பில் கண் உயிர்பெற்றது. மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் அப்படி வெட்டி எடுத்தவைதான்.

இடது கன்னத்து மச்சம் மட்டும் எதிலும் வரவில்லை. ஃபேஸ்ஐடி ஒரு முகத்தை 512 எண்களாகச் சுருக்கிக் கொடுக்கிறது. மச்சம் அதில் தங்குவது அபூர்வம். அசல் படத்திலிருந்து அதை வெட்டி, கையாலேயே ஒட்டிக் கொடுத்தேன்.