சிவப்புக் கட்டத்தில் அரிசி

போன வருஷம் ஆலங்காயம் போயிருந்தப்போ, அக்கா ஒரு ரிப்போர்ட்டை நீட்டினாள். அவள் பொண்ணுக்கு அடிக்கடி வயிற்று உப்புசம், பேதி. ஒரு தனியார் கிளினிக்கில் 'ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்ட்' எடுத்திருக்கிறார்கள். அரிசி, கோதுமை, பால், முட்டை எல்லாம் சிவப்புக் கட்டத்தில். இரண்டு மாசமா அதெல்லாம் நிறுத்தி, பொண்ணு இளைத்துப் போயிருந்தாள்.

பச்சைக் கட்டத்தைப் பார்த்தேன். அவகாடோ, சால்மன் மீன். எங்க வீட்டில் யாரும் சாப்பிடாதவை. தினமும் சாப்பிடுவது சிவப்பு, சாப்பிடாதது பச்சை. அங்கேதான் சந்தேகம் வந்தது.

இந்த டெஸ்ட் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. ஒவ்வொரு உணவின் சாற்றையும் தட்டில் ஒட்டவைத்து, மேலே ரத்த நீரை ஊற்றி, எவ்வளவு ஐஜிஜி ஒட்டுகிறது என்பதை நிறமாற்றத்தால் அளக்கிறார்கள். எண் சரியாகவே வரலாம். அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தப்பு. அரிப்பு, மூச்சிரைப்பு வரவைக்கும் அலர்ஜியில் வேலை செய்வது பெரும்பாலும் ஐஜிஇ, அது வேறு. சாப்பிட்ட உணவுக்கு ஐஜிஜி உருவாவது ஆரோக்கியமான உடம்பிலும் நடக்கும். எங்க பாஷையில் சொன்னால் இது ஆக்சஸ் லாக், எரர் லாக் இல்லை.

2015-இல் வெளியான 'லீப்' ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே வேர்க்கடலை சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி குறைவாக இருந்தது. ஆனால் அதற்கான ஐஜிஜி4 (ஐஜிஜியின் ஒரு வகை) அதிகம். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008-லேயே, நோய் கண்டுபிடிக்க ஐஜிஜி4 டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"அப்புறம் ஏன்டா நிறுத்தினதும் வயிறு சரியாச்சு?" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. நாலு உணவை ஒரே நேரத்தில் நிறுத்தினால், நிஜமான காரணம் அதில் ஒன்றாக இருந்தாலே போதும், டெஸ்ட் ஜெயித்த மாதிரி தெரியும். பால்சர்க்கரை செரிக்காதது லாக்டேஸ் என்சைம் குறைவால் வருவது. அதற்கும் ஐஜிஜிக்கும் சம்பந்தமே இல்லை.

வேலூரில் பார்த்த டாக்டர் முதலில் கோதுமையை மறுபடி சாப்பிடச் சொன்னார். கோதுமையால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய்க்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் அதில் இல்லை என்று வரலாம். சில வாரம் சாப்பிட்டபின் எடுத்ததில் சீலியாக் இல்லை. பிறகு அரிசி, முட்டை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு டம்ளர் பால் குடித்த அன்று சாயங்காலமே உப்புசம். தயிர் மட்டும் ஒத்துக்கொள்கிறது.

இப்போ பொண்ணு சோறு சாப்பிடுகிறாள். ரிப்போர்ட் இன்னும் அக்கா பீரோவில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினதாச்சே!