உப்பு சொல்லும் மின்சுமைக் கணக்கு

வினையில் பங்கெடுக்காத ஓர் உப்பைக் கரைசலில் சேர்த்தால், சில வினைகள் வேகமெடுக்கின்றன, சில மந்தமாகின்றன. ஏன் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், மோதிக்கொள்ளும் அயனிகளின் மின்சுமையையே இதில் படித்துவிடலாம். அதற்கு இரண்டு சாயங்கள் போதும்.

முதலில், நிறம் மங்குவதைப் பாருங்கள்

கிரிஸ்டல் வயலட் ஊதா நிறச் சாயம். அதன் அயனிக்கு +1 மின்சுமை. காஸ்டிக் சோடா கரைசலில் உள்ள ஹைட்ராக்சைடு அயனி (−1) அதனுடன் சேரும்போது நிறம் போய்விடும். 0.01 மோலார் காஸ்டிக் சோடாவில் சில துளி சாயம் விட்டால் சில நிமிடங்களில் ஊதா வெளிறத் தொடங்கும். பக்கத்துக் குழாயில் அதே கரைசலோடு 0.03 மோலார் அளவுக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்துவிட்டு, அதன் பிறகு சாயத்தை விடுங்கள். அங்கே ஊதா அதிக நேரம் தங்கும்.

இப்போது சாயத்தை மாற்றுங்கள். காரத்தில் சிவக்கும் பினாப்தலீனின் அயனிக்கு −2 மின்சுமை. 0.1 மோலார் அல்லது அதற்கு மேற்பட்ட காஸ்டிக் சோடாவில் அதுவும் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து மெல்ல மங்கும். இதில் உப்பைச் சேர்த்தால் மங்கும் வேகம் கூடும். காரமும் உப்பும் மாறவில்லை. விளைவு மட்டும் தலைகீழ்.

காரணத்தை இப்படி யோசியுங்கள்

கரைசலில் ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்சுமை கொண்ட அயனிகள் சூழ்ந்து நின்று நிலைப்படுத்துகின்றன. உப்பு கூடக்கூட இந்தச் சூழல் அடர்த்தியாகும். நிலைப்படுத்தும் அளவு மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரசிக்க வேண்டிய இடம் இதுதான்.

கிரிஸ்டல் வயலட்டில், தனித்தனியாக நிற்கும் இரு அயனிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 + 1 = 2. இரண்டும் ஒட்டி உருவாகும் கிளர்வுற்ற அணைவின் மின்சுமை பூஜ்யம்; வர்க்கமும் பூஜ்யம். ஆகவே உப்பு, பிரிந்து நிற்பவற்றைத்தான் தாங்குகிறது. சேர்வதற்கான தடை உயர்கிறது. பினாப்தலீனில் தனித்தனியே 4 + 1 = 5; சேர்ந்தபின் −3, வர்க்கம் 9. இங்கே உப்பின் ஆதரவு அணைவுக்கே அதிகம். அதனால் தடை தாழ்கிறது.

இந்த வித்தியாசம் எப்போதுமே இரு மின்சுமைகளின் பெருக்கலைப் போல இரு மடங்கு. 1920களில் கோபன்ஹேகனில் பிரன்ஸ்டெட்டும் பியெரமும் வகுத்த சமன்பாட்டின் உயிர் அதுவே. 25 டிகிரி செல்சியஸில் நீர்க்கரைசலுக்கு:

log k = log k₀ + 1.02 zA zB √I

k வினைவேக மாறிலி. k₀ என்பது அயனி வலிமை பூஜ்யத்தை நெருங்கும்போது அதன் மதிப்பு. I என்ற அயனி வலிமையைப் பெற, ஒவ்வோர் அயனியின் செறிவையும் அதன் மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்க வேண்டும்.

ஒரு கணக்கு

நம் முதல் குழாயில் I = 0.01, சாயத்தின் பங்கு மிகச் சொற்பம். உப்பிட்ட குழாயில் 0.04. வர்க்கமூலங்கள் 0.1, 0.2. மின்சுமைப் பெருக்கல் −1 என்பதால் log k 0.102 குறையும், அதாவது k சுமார் 0.79 மடங்காகும். உப்பில்லாமல் நிறம் பாதியாக 6 நிமிடம் ஆனால், உப்போடு 7 நிமிடம் 35 விநாடி ஆகும்.

ஆனால் இந்தச் சமன்பாடு மிக நீர்த்த கரைசல்களுக்கானது. I 0.01ஐத் தாண்டினால் √I-க்குப் பதிலாக √I/(1+√I) போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் 7 நிமிடம் 10 விநாடி வரும். பினாப்தலீன் சோதனையின் செறிவில் எண்களை நம்ப முடியாது. திசையை மட்டும் நம்பலாம்.

ஏமாறாமல் இருக்க

வெப்பநிலைதான் பெரிய வில்லன். இத்தகைய வினைகளின் வேகம் ஒரு டிகிரிக்குப் பல சதவீதம் மாறக்கூடியது. உப்பின் விளைவோ இங்கே 20 சதவீத அளவில்தான். இரண்டு குழாய்களும் ஒரே நீர்த்தொட்டியில் நின்றால்தான் ஒப்பீடு செல்லும். மக்னீசியம் சல்பேட்டைத் தவிர்க்கவும். காரத்தில் வீழ்படிவாகி, ஹைட்ராக்சைடையே தின்றுவிடும்.

கடைசியாக, உப்பை மாற்றிப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் பதில் அதே அயனி வலிமையில் சோடியம் குளோரைடு. வேகம் மாறவில்லை என்றால், வேலை செய்தது அயனிச் சூழல்தான். மாறினால், அந்த உப்பின் ஏதோ ஓர் அயனி வினைபடும் அயனியோடு தனியாக ஜோடி சேர்கிறது. அப்போது சாய்வைக் கொண்டு மின்சுமையைச் சொல்ல முடியாது.

இந்தச் சோதனையில் தேறிய பிறகு log k-ஐ √I-க்கு எதிராக வரையுங்கள். கோடு இறங்கினால் எதிரெதிர் மின்சுமைகள், ஏறினால் ஒரே வகை மின்சுமைகள், கிடையாக ஓடினால் மோதுவதில் ஒன்றுக்கேனும் மின்சுமை இல்லை. சாய்வு 2-ஐ ஒட்டி வந்தால் மின்சுமைப் பெருக்கல் +2. நொடியில் தோன்றி மறையும் அணைவை யாரும் பிடித்து வைக்க முடியாது. அதில் சேர்ந்த மின்சுமைகளின் பெருக்கல் என்ன என்பதை இந்தக் கோட்டின் சாய்வு சொல்லிவிடும்.