ஐந்து லைஃப், அரை மணி நேரம்: இலவச மொபைல் விளையாட்டை ரசிப்பது எப்படி?

கேண்டி கிரஷ் சாகா 2012-ஆம் ஆண்டு முதலில் ஃபேஸ்புக்கிலும், அந்த ஆண்டு முடிவதற்குள் செல்போனிலும் வந்தது. கிங் நிறுவனம் தயாரித்த இந்த விளையாட்டை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். விளையாடுபவரிடம் அதிகபட்சம் 5 லைஃப் இருக்கும். ஒரு லெவலில் தோற்றால் ஒன்று போகும். போனது திரும்பிவர 30 நிமிடம் ஆகும். ஐந்தும் தீர்ந்துவிட்டால் முழுவதும் நிரம்ப இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இலவச விளையாட்டுகளில் காணப்படும் 'எனர்ஜி' ஏற்பாட்டின் எளிய வடிவம் இதுதான். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் பிடிபடும்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, தோற்றால் மட்டுமே லைஃப் குறைகிறது என்பது. ஜெயித்துக்கொண்டே போகிறவர் ஒரு லைஃப்கூடக் குறையாமல் மணிக்கணக்கில் ஆடலாம். அதனால் கடிகாரம் ஆட்களை நிறுத்தும் இடம் கடினமான லெவல்கள்தான். எளிய லெவல்கள் வரிசையாக வந்து கை பழகியபின் ஒரு கடின லெவல் குறுக்கே நிற்கும். ஐந்து முறை தோற்றதும் ஆட்டம் நின்றுபோகும். ஆசை உச்சத்தில் இருக்கும்போதே வரும் இந்த இடைவெளிதான் ஆட்டக்காரரை மறுபடி அழைத்துவருகிறது.

இரண்டாவது, உச்சவரம்பு. எட்டு மணி நேரம் தூங்குகிறவருக்குக் கணக்குப்படி 16 லைஃப் சேர வேண்டும். காலையில் இருப்பது ஐந்துதான். மீதி வீண். ஆகவே ஒரு நாளில் அடிக்கடி எட்டிப்பார்ப்பவருக்கே அதிக ஆட்டம் கிடைக்கும். கென்ஷின் இம்பாக்ட் இதை வேறு விதமாகச் செய்கிறது. அதில் 'ரெசின்' எனும் எனர்ஜி 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும். 2024-க்குப் பின் வரம்பு 200. நிரம்ப 26 மணி நேரத்துக்கு மேல் ஆவதால் தினம் ஒரு முறை வந்தால் போதும். ஒரு விளையாட்டு நம் நாளில் எவ்வளவு இடம் கேட்கிறது என்பதை அறிய, வரம்பை ஊறும் நேரத்தால் பெருக்கிப் பார்த்தால் போதும். இரண்டரை மணி நேரம் என்று விடை வந்தால் அது பகலெல்லாம் கூப்பிடும் விளையாட்டு. அதன் நோட்டிஃபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது. வீணாகும் லைஃபுக்காக வருந்தத் தேவையில்லை. அது யாரும் காசு கொடுத்து வாங்கியதல்ல.

ஐந்து லைஃபுக்குள் ஆடுவதிலும் ஒரு ருசி உண்டு. எல்லையில்லாமல் ஆடும்போது விரல் போன போக்கில் மிட்டாய்கள் நகரும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் கண் பலகையைப் படிக்கிறது. லெவலைத் திறந்து, ஒரு மூவ்கூடச் செய்யாமல் வெளியே வந்தால் லைஃப் போகாது. எனவே தொடக்க அமைப்பை நிதானமாகப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வேறு அமைப்போடு தொடங்கலாம். ஜெல்லி எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த மூலையை எட்டுவது கடினம் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு முடிந்தவரை பலகையின் அடிப்பகுதியில் சேர்க்க வேண்டும். கீழே உடைத்தால் மேலிருப்பவை சரிந்து தாமாகவே சில சேர்க்கைகள் விழும். ஒரே நிறத்தில் ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் கிடைக்கும் கலர் பாமை உடனே வெடிக்காமல், பக்கத்தில் ஒரு கோடுபோட்ட மிட்டாய் வரும்வரை வைத்திருந்து இரண்டையும் இடம் மாற்றினால், கோடுபோட்ட மிட்டாயின் நிறம் முழுவதும் கோடுபோட்டதாக மாறிப் பலகையையே துடைத்துவிடும். இந்த விளையாட்டின் மிக அழகான கணம் அது. அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

காசு கேட்கப்படும் கணம் வேறு. மூவ்கள் தீர்ந்து, இரண்டே ஜெல்லி மிச்சமிருக்கும்போது, '10 கோல்ட் பார் கொடுத்தால் இன்னும் 5 மூவ்' என்று திரை கேட்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணத் தோல்வியைவிட இப்படி மயிரிழையில் தவறும் தோல்வியே ஆட்டக்காரரை அதிகம் எரிச்சல்படுத்தி, தொடர்ந்து ஆடும் வேகத்தையும் தூண்டுகிறது என்று கண்டார்கள். அந்த வேகத்தில் பார்ப்பவருக்கு 10 பார் சில்லறையாகத் தெரியும். ரூபாய்க்கு மாற்றினால்தான் உண்மை விலை புரியும். எடுத்துக்காட்டாக, 100 பார் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து மூவ் 90 ரூபாய். அரை மணி நேரம் காத்திருந்தால் இலவசமாகக் கிடைக்கும் ஒரு முழு ஆட்டத்தின் சிறு பகுதிக்கு அந்த விலை. மிச்சமிருக்கும் ஜெல்லியை எந்த ஐந்து மூவில் உடைக்க முடியும் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் வாங்குவதில் பொருளே இல்லை.

விளம்பரங்களில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, ஆட்டக்காரரே விரும்பித் தட்டிப் பார்ப்பது: அரை நிமிட வீடியோ, பதிலுக்கு ஒரு லைஃபோ ஒரு உதவிக் கருவியோ. இது நேர்மையான பேரம். காத்திருந்தாலே கிடைப்பதற்கு வீடியோ பார்ப்பதைவிட, வேறு வழியில் கிடைக்காத கருவிக்குப் பார்ப்பது லாபம். மற்றது, கேட்காமலே திரையை மறைப்பது. 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து கூகுள் பிளே விதிப்படி, இந்த வகை முழுத்திரை விளம்பரத்தை 15 நொடிக்குப் பிறகும் மூட முடியாதபடி வைக்கக் கூடாது. ஒவ்வொரு லெவலுக்கும் இடையே இவை வரும் சிறு புதிர் விளையாட்டுகளில் 'விளம்பரம் நீக்க' என்று ஒரே ஒரு முறை கட்டும் தொகை இருந்தால், செலவுகளிலேயே அதுதான் உருப்படியானது; ஒரு முறையோடு முடிகிறது, ஆட்டமும் சுத்தமாகிறது. விளம்பரத்தில் காட்டும் ஆட்டத்தை நம்பி இன்னொன்றை இறக்குவதில் கவனம் தேவை. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டவில்லை என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2020-இல் அவற்றுக்குத் தடை விதித்தது.

செலவுக்கு வரம்பு போடுவதை, தோற்ற எரிச்சல் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் Payments & subscriptions பகுதியில் மாத பட்ஜெட் குறிக்கலாம்; ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே செய்யும், வாங்குவதைத் தடுக்காது. உண்மையான தடை வேண்டுமென்றால், சேமித்து வைத்த கார்டையும் யுபிஐ கணக்கையும் நீக்கிவிட்டு, மாதத்துக்கு ஒரு கிஃப்ட் கார்டு தொகையை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். அது தீர்ந்தால் கை தானாக நின்றுவிடும். குழந்தைகள் கையில் போகும் போனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பது கட்டாயம்.

இப்படி ஒதுங்கி ஆடுவதால் விளையாட்டுக்கு நட்டமில்லை. 2013 இறுதியில் கிங் நிறுவன விளையாட்டுகளை மாதந்தோறும் ஆடிய சுமார் 30 கோடிப் பேரில் காசு கொடுத்தவர்கள் ஏறத்தாழ 4 சதவீதம்தான். அந்த வருமானமே நிறுவனத்துக்குப் போதுமானதாக இருந்தது. கேண்டி கிரஷில் அப்போதிருந்த கடைசி லெவலை எட்டியவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு காசும் செலவழிக்கவில்லை என்று அந்த நிறுவனமே அந்த ஆண்டு கூறியது.