அம்புக்குறி எதைக் காட்ட வேண்டும்? – ஒரு ஸ்லைடின் குறையும் நிறையும்

கணிப்பொறிப் பயிற்சி வகுப்புகளில் இன்று கரும்பலகையின் இடத்தை ஸ்லைடு பிடித்துக்கொண்டது. மென்பொருளின் ஒரு திரையை விளக்க வேண்டுமானால், அத்திரையை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து, அதன் மேல் நாலைந்து அம்புக்குறிகளைப் போட்டு, சில இடங்களில் மஞ்சள் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் காட்டப்பட்ட அத்தகைய ஸ்லைடு ஒன்றை இங்கே ஆராய்வோம். அதை ஆக்கியவர் அக்கறையோடுதான் ஆக்கியிருந்தார். ஆயினும் அது தன் வேலையைச் செய்யவில்லை. ஏன் என்பதே நம் கேள்வி.

ஸ்லைடின் பொருள் இதுதான். மாணவர் பெயர்ப் பட்டியல் ஒன்று .csv கோப்பாக இருக்கிறது. அதில் வரிசை எண், தமிழில் பெயர், மதிப்பெண் என மூன்று பத்திகள். இதை லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளில் திறக்கும்போது Text Import என்னும் பெட்டி ஒன்று தோன்றும். அதில் சரியானவற்றைத் தேர்ந்தெடுக்காமல் OK பொத்தானை அழுத்தினால் இரண்டு கேடுகள் நேரலாம். ஒன்று, தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகச் சிதைந்துபோகும். மற்றொன்று, 00417 என்ற வரிசை எண் 417 ஆகிவிடும். எண்ணின் முன்னுள்ள சுழிகளுக்கு மதிப்பில்லை என்று மென்பொருள் நினைத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

அந்த ஸ்லைடில் முழுக் கணிப்பொறித் திரையும் அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. ஏழு சிவப்பு அம்புகள், மூன்று மஞ்சள் பூச்சுகள், வலப்புறம் 1 முதல் 7 வரை விளக்க வரிகள். உண்மைத் திரையையே எடுத்துக் காட்டியது நல்ல செயல். கையால் வரைந்த மாதிரிப் படத்தைக் காட்டிலும், மாணவர் தம் கணிப்பொறியில் காணப்போவதை அப்படியே காட்டுவது மேல். இப்போது குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை எழுத்தின் அளவு. இதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை, கணக்கிட்டே பார்க்கலாம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் பெட்டியிலுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 புள்ளிகள். வகுப்பறைத் திரைச்சீலையின் உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். அப்போது ஒரு புள்ளி 1.1 மில்லிமீட்டர், எழுத்து சுமார் 10 மில்லிமீட்டர். கண் மருத்துவரின் பலகையில் 6/6 பார்வையுள்ளவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து, கண்ணில் 5 கலை அளவுள்ள கோணத்தை ஏற்படுத்துகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. எட்டு மீட்டர் தொலைவில் அக்கோணத்திற்கு எழுத்து 11.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம் ஸ்லைடில் 10 மில்லிமீட்டர்தான் இருக்கிறது! ஆக, குறையற்ற கண் உடையவரும் ஏழு மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால் அதைப் படிக்க இயலாது. அம்பு தெரியும், அம்பு காட்டும் சொல் தெரியாது.

பரிகாரம் கத்தரிப்பில் இருக்கிறது. நமக்குத் தேவை அந்தப் பெட்டி மட்டுமே. அதிலும் இரண்டு துண்டுகளே போதும். மேலே Character set என்ற வரி, கீழே Column type என்ற வரியும் அதன்கீழுள்ள முன்னோட்டப் பட்டியலும். பெட்டியின் அகலம் 700 புள்ளிகள் என்றால், இரு மடங்காக்கி 1400 புள்ளிகளாக வைக்கலாம். வலப்புறம் விளக்கச் சொற்களுக்கு 500 புள்ளிகள் மிஞ்சும். எழுத்து 20 மில்லிமீட்டர் ஆகிறது. எட்டு மீட்டருக்குத் தேவையான குறைந்த அளவைப்போல் ஒன்றே முக்கால் பங்கு. இடையில் வெட்டப்பட்ட இடத்தைக் கிழிந்த தாளின் ஓரம்போல் காட்டிவிட வேண்டும். இல்லையேல், இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருப்பதாக எண்ணி மாணவர் தேடுவார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறிய படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கலாகும். ஆகவே படம் எடுக்கும் முன்பே கணிப்பொறியின் காட்சி அளவை 200 சதவீதமாக மாற்றிக்கொண்டால், மென்பொருளே எழுத்துகளை இருமடங்கு புள்ளிகளால் வரைந்து தரும். படத்தை PNG ஆகச் சேமிப்பதே நன்று. JPEG முறை ஒளிப்படங்களுக்காக அமைந்தது. கூர்மையான எழுத்தோரங்களில் அது அழுக்குப் படிந்தாற்போன்ற கறைகளை உண்டாக்கும்.

இரண்டாம் குறை, விளக்க வரிகள் தொலைவில் இருந்தது. மூன்றாம் எண்ணுள்ள அம்பைப் பார்த்து, வலப்புறம் போய் மூன்றாம் வரியைப் படித்து, மீண்டும் படத்திற்கு வருவதற்குள் எந்த அம்பு என்பதே மறந்துவிடுகிறது. பல்லூடகக் கல்வி பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், தொடர்புடைய சொல்லும் படமும் அருகருகே இருந்தால் கற்பது எளிதாகிறது என்று சோதனைகளால் காட்டியுள்ளார். எனவே அம்பின் வாற்பக்கத்திலேயே சொல் இருக்க வேண்டும். “எழுத்துக் குறியீடு தேர்வு” என்று பெயர்ச்சொல்லாக எழுதுவதைவிட, “இங்கே Unicode (UTF-8) தேர்ந்தெடுக்க” என்று ஏவலாக எழுதினால் கை என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

அம்பின் நுனியும் கவனத்திற்குரியது. அந்த ஸ்லைடில் ஓர் அம்பு Character set வரிக்கும் அடுத்த Language வரிக்கும் நடுவில் போய் நின்றது. எதைத் தொடுவது? அம்பின் நுனி தான் காட்டும் கட்டத்தின் ஓரத்தைத் தொட வேண்டும். ஆனால் உள்ளே நுழைந்து எழுத்தை மறைக்கக் கூடாது. இரண்டு அம்புகள் ஒன்றையொன்று வெட்டுமானால், அம்பைத் திருத்தாதீர்கள். சொற்களின் இடத்தை மாற்றுங்கள்.

மூன்றாம் குறை மஞ்சள் பூச்சு. இது சற்று வியப்பான குறை. முன்னோட்டப் பட்டியலில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் தானே அதை வண்ணமிட்டுக் காட்டுகிறது. அதன்மேல் ஆசிரியரும் மஞ்சள் பூசினால், எது மென்பொருளின் வண்ணம், எது ஆசிரியரின் வண்ணம் என்று மாணவருக்குத் தெரிவதில்லை. தம் திரையில் மஞ்சள் வரவில்லையே என்று அவர் கவலைப்படுவார்! திரையில் எங்கும் இல்லாத ஒரு நிறத்தில், உள்ளே பூச்சில்லாத தடித்த சட்டம் இட்டால் இக்குழப்பம் வராது. சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிய இயலாதவர்களும் வகுப்பில் இருப்பார்கள். ஆகையால் “சிவப்பைப் பார், பச்சையைப் பார்” என்று நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் எண்ணும் சேர்த்திடுவது நலம்.

இனி நான்காவதும் மிகப் பெரியதுமான குறை. அந்த ஏழு எண்களும் மேலிருந்து கீழாகப் போடப்பட்டிருந்தன. ஆனால் வேலையின் வரிசை அதுவன்று. Column type என்னும் பட்டி முன்னோட்டத்திற்கு மேலே இருக்கிறது. எனினும் முன்னோட்டத்தில் ஒரு பத்தியின் தலைப்பைச் சொடுக்கும்வரை அப்பட்டி சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கும். மேலிருந்து கீழாக வரும் மாணவர் அதைத் திறக்க முயன்று தோற்று, மென்பொருள் பழுது என்று முடிவுகட்டுவார். எனவே எண் 2 கீழேயும் எண் 3 அதற்கு மேலேயும் இருக்க வேண்டும். எண்கள் இடத்தைக் குறிப்பதற்கல்ல. கை செல்லும் வரிசையைக் குறிப்பதற்கே. ஸ்கிரீன்ஷாட்டையும் வேலை முடிந்த நிலையில் எடுக்க வேண்டும்: பத்தி தேர்ந்தெடுக்கப்பட்டு, Column type பட்டியில் Text என்று தெரியும் நிலையில். அந்த ஸ்லைடில் எல்லாம் தொடக்க நிலையிலேயே இருந்தது.

ஆகவே திருத்திய ஸ்லைடில் அம்புகள் மூன்றே போதும். ஒன்று: Character set பட்டியில் Unicode (UTF-8). இரண்டு: முன்னோட்டத்தில் வரிசை எண் பத்தியின் தலைப்பு. மூன்று: Column type பட்டியில் Text. Comma முதலிய மற்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாக இருக்கும். பெயர்களும் எண்களும் தனித்தனிப் பத்திகளில் தெரிந்தால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. மதிப்பெண் பத்தியை Text ஆக்கக் கூடாது; ஆக்கினால் பின்னர் கூட்டல் வராது.

அம்புகளால் காட்ட முடியாத ஒன்று எஞ்சியிருக்கிறது. முதற்கேட்டை முன்னோட்டத்திலேயே கண்டுகொள்ளலாம். UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றின் முதல் பைட்டு எப்போதும் E0, இரண்டாவது AE அல்லது AF. மேற்கு ஐரோப்பியக் குறியீடாக அதைப் படித்தால் E0 என்பது à ஆகவும், AE என்பது ® ஆகவும் தோன்றும். ‘க’ என்னும் எழுத்து à®• என்று வரும். à® திரும்பத் திரும்பத் தெரிந்தால் முதற்படி தவறிவிட்டது என்று அறிக.

ஆனால் இரண்டாம் கேடு முன்னோட்டத்தில் தெரியாது! முன்னோட்டம் கோப்பில் உள்ளதை உள்ளபடியே காட்டுவதால், Text தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் 00417 என்றே இருக்கும். சுழிகள் மறைவது OK அழுத்திய பிறகுதான். அந்த ஸ்லைடின் ஏழாவது அம்பு “சுழிகள் உள்ளனவா பார்க்க” என்று முன்னோட்டத்தையே காட்டியது. அது ஒருபோதும் தவறைக் கண்டுபிடிக்காத சோதனை. பார்க்க வேண்டியது பத்தியின் தலைப்பை. அங்கே Standard என்றிருந்தால் தவறு; Text என்றிருந்தால் சரி. ஸ்லைடின் அடியில் திறந்த அட்டவணையின் இரண்டு சிறு துண்டுகளையும் வைக்கலாம்: கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கும் 00417, வலப்புறம் ஒட்டி நிற்கும் 417. இடப்புறம் ஒட்டி நிற்பது எழுத்தாகக் கொள்ளப்பட்டதன் அடையாளம்.

இவ்வளவு செய்தும் ஒரு ஸ்லைடுக்கு எல்லை உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பில் பெட்டியின் அமைப்பு மாறலாம். தமிழ் இடைமுகத்தில் பணிபுரிவோருக்கு ஆங்கிலப் பெயர்கள் பயன்படா. அவர்களுக்குத் தமிழ்த் திரையையே படமெடுக்க வேண்டும். படத்தில் உண்மை மாணவரின் பெயரோ மதிப்பெண்ணோ இருக்கலாகாது. கற்பனைப் பட்டியல் ஒன்றை ஆக்கிக்கொள்க.

ஸ்லைடை முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்பெட்டியை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் எதுவும் பேசாமல் அதைக் காட்டி, கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய சுட்டி எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் உங்கள் அம்பு தவறியிருக்கிறது.