கடைசி நாற்காலியை யார் விற்பது?

ஆண்டுக்கு இரண்டு நாடகம் போடும் சிறு குழுக்களில், டிக்கெட் விற்பனை பற்றிய பேச்சு எப்போதும் கமிஷனில்தான் தொடங்குகிறது. டிக்கெட் தளத்தில் போட்டால் காசு போகும். கூகுள் படிவமும் கியூஆர் கோடும் ஒரு விரிதாளும் இருந்தால் அந்தக் காசு நம் கையிலேயே நிற்கும். இப்படிப் பேசுகிறவர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் தளம் அந்தக் காசுக்கு எதை விற்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. வழவழப்பான பக்கமோ விளம்பரமோ அதன் சரக்கின் சாரம் அல்ல. அது விற்பது ஒரு பூட்டு. ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்கு அந்த நாற்காலியை இன்னொருவர் தொட முடியாமல் நிறுத்திவைக்கும் வேலை அது. பழைய டிக்கெட் புத்தகத்தில் இந்தப் பூட்டு தானாகவே இருந்தது. எண் அச்சிட்ட தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் அதே தாளை இன்னொருவருக்குக் கிழிக்க முடியாது. விரிதாளுக்கு மாறியவர்கள் அடிக்கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு தாளைத் தொலைத்துவிட்டார்கள். விரிதாள் நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கக் கூடாததைத் தடுக்காது.

முதலில் காசுக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 120 நாற்காலி கொண்ட அரங்கம், ஒரே காட்சி, டிக்கெட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரங்கம் நிறைந்தால் 36,000 ரூபாய். தளத்துக்குத் தளம் விகிதம் மாறும். 5 சதவீதம் கமிஷன், பணப் பரிவர்த்தனைக்கு 2 சதவீதம், இரண்டின் மீதும் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று கொண்டால் ஏறக்குறைய 2,970 ரூபாய் போகும். விரிதாள் வழியில் இதில் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் கிடையாது. 500 ரூபாய் வரையிலான நாடக, இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: வரி இல்லாத டிக்கெட்டை விற்றுக் கொடுக்கும் சேவைக்கு மட்டும் வரி உண்டு.

ஆனால் அந்த 2,970 ரூபாய் சும்மா மிச்சமாவதில்லை. ஒருவர் சராசரியாக இரண்டரை டிக்கெட் எடுக்கிறார் என்றால் 48 முன்பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் வந்த யுடிஆர் எண்ணை வங்கிக் கணக்கில் தேடி, தொகை சரியா என்று பார்த்து, உறுதிச் செய்தி அனுப்ப ஆறு நிமிடம் ஆகும். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 620 ரூபாய் சம்பாதித்துக் கொடுக்கும் வேலை. சின்னக் குழுவுக்கு இது நல்ல கூலிதான். இதே கணக்கை 100 ரூபாய் டிக்கெட்டுக்குப் போட்டால் கூலி 200 ரூபாய்க்குச் சரிந்துவிடுகிறது, ஏனென்றால் கமிஷன் விலையோடு குறையும், ஆறு நிமிடம் குறையாது. மலிவான நிகழ்ச்சிக்கு விரிதாள், விலை கூடிய நிகழ்ச்சிக்குத் தளம் என்று பலரும் நம்புவது இங்கே தலைகீழாகிறது. உழைப்பை மட்டும் பார்த்தால் விலை கூடக்கூட விரிதாளுக்குத்தான் லாபம். டிக்கெட்டுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான கட்டணம் வாங்கும் தளங்களில் இது மாறும். அங்கே மலிவான டிக்கெட்டுதான் அதிகம் அடிபடும். ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதமா, நிலையான தொகையா, இரண்டும் சேர்ந்ததா என்பதுதான்.

கன்வீனியன்ஸ் ஃபீயைப் பார்வையாளர்தானே கட்டுகிறார், நமக்கென்ன என்று ஒரு வாதம் வரும். 300 என்று போஸ்டரில் போட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் 325 என்று காட்டும்போது, அந்த 25 ரூபாய் தளத்தின் கணக்கு என்று வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த நாடகம் 325 ரூபாய் என்றுதான் அவர் மனதில் பதிகிறது. 325 கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் குழுவே 325 என்று விலை வைத்திருக்கலாம். கட்டணத்தை யார் பையிலிருந்து எடுத்தாலும் அது அரங்கின் வசூலிலிருந்துதான் போகிறது.

இனி பூட்டுக்கு வருவோம். விரிதாளில் எங்கே உடைகிறது என்பது முதல் நூறு டிக்கெட்டில் தெரியாது. இருக்கை நிறைய இருக்கும்வரை யார் எப்படி விற்றாலும் சரியாகவே இருக்கும். கடைசிப் பத்து நாற்காலியில்தான் சிக்கல். கூகுள் படிவம் வந்த பதில்களை எண்ணுமே தவிர டிக்கெட்டுகளை எண்ணாது. ஒருவர் நான்கு டிக்கெட் கேட்டாலும் அது ஒரு பதில்தான். இரண்டு நாற்காலி மிச்சமிருக்கும்போது மூன்று பேர் ஒரே சமயத்தில் படிவத்தைத் திறந்து, மூவரும் பணம் அனுப்பிவிடுவார்கள். அதே நேரத்தில் இயக்குநர் தொலைபேசியில் ஒருவருக்கு இரண்டு டிக்கெட் சொல்லிவிட்டு, தாளில் ஏற்ற மறந்திருப்பார். காட்சி அன்று வாசலில் நான்கு பேர் கையில் பணம் கட்டிய ரசீதோடு நிற்பார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சங்கடம்.

விரிதாளிலேயே இதைத் தடுக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. ஓரளவு தடுக்கலாம். டிக்கெட் எண்ணிக்கை D பத்தியிலும் யுடிஆர் எண் E பத்தியிலும் இருந்தால், படிவத்தின் பதில்கள் விழும் தாளை விட்டுவிட்டு வேறொரு தாளுக்கு அவற்றைக் கொண்டுவந்து இந்த இரண்டு வரிகளை வைக்கலாம்:

```
=120-SUM(D2:D)
=COUNTIF(E:E,E2)>1
```

முதலாவது மிச்ச இருக்கையைச் சொல்லும். இரண்டாவதை ஒவ்வொரு வரிசைக்கும் இழுத்துவிட்டால், ஒரே யுடிஆர் எண் இரண்டு முறை வந்ததை TRUE என்று காட்டிக் கொடுக்கும். ஒரே ரசீதின் ஸ்க்ரீன்ஷாட்டை நண்பருக்கும் அனுப்பி இருவரும் பதிவு செய்வது, தெரிந்தோ தெரியாமலோ, நடக்கிற காரியம். ஆனால் இரண்டு சூத்திரமும் நடந்த பிறகு எச்சரிப்பவை. பணம் வந்து விழுந்த பின்தான் எண் மாறும். ஸ்க்ரீன்ஷாட் ரசீதே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தில் தொகையையும் தேதியையும் மாற்றுவது எளிது. பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண்ணை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் மட்டுமே பணம் வந்ததாகப் பொருள். ஆறு நிமிடத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. நேரமில்லை என்று இதை விட்டுவிடும் குழு, கமிஷனை மிச்சப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

விரிதாளுக்கு உண்மையான பூட்டு தொழில்நுட்பத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. பழைய டிக்கெட் புத்தகத்தை ஆளுக்கு இருபது என்று பிரித்துக் கொடுத்தார்களே, அதே வழி. 120 இருக்கையில் படிவத்துக்கு 90, இயக்குநருக்கு 15, அரங்க வாசலுக்கு 15 என்று முதல் நாளே கோடு போட்டு, ஒருவர் பங்கை இன்னொருவர் தொடாமல் இருந்தால் மோதல் நடக்க இடமில்லை. படிவத்தின் பங்கு 80ஐத் தொட்டதும் அதை மூடிவிட்டு, மிச்சத்தை ஒரே ஆள் கையால் விற்க வேண்டும். அப்படி மூடும்போது ஒன்றிரண்டு நாற்காலி காலியாகப் போனாலும் 600 ரூபாய் நஷ்டம்தான். வாசலில் நடக்கும் சண்டையை விட அது மலிவு. ஆகவே குழுவின் அளவைவிட, எத்தனை கைகள் ஒரே குவியலிலிருந்து விற்கின்றன என்பதே தீர்மானிக்கும் கேள்வி. ஒருவரோ, கோடு போட்டுப் பிரித்துக்கொண்ட மூவரோ விற்றால் விரிதாள் தாங்கும். வரிசை எண் உள்ள இருக்கைகள், இரண்டு மூன்று விலைகள், ஒரே வாரத்தில் நான்கு காட்சிகள் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு நாற்காலியும் தனிக் குவியலாகிவிடும். அப்போது தளத்தின் கமிஷன் நியாயமான விலை.

வாசலைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகையானது. தளம் ஸ்கேன் செய்யும் வசதி தருகிறது என்பார்கள். 48 முன்பதிவுகளை அச்சிட்ட தாளில் பேனாவால் அடித்துவிட, ஒன்றுக்கு பதினைந்து விநாடி வைத்தாலும் பன்னிரண்டு நிமிடம். தாமதமாவது பெயரைத் தேடுவதில்தான். முதலெழுத்தை முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர், மனைவி பெயரில் பதிவு செய்தவர் என்று நம் பெயர்கள் அகரவரிசைக்கு அடங்குவதில்லை. கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வைத்துத் தாளை வரிசைப்படுத்தினால் இந்தத் தொல்லை போய்விடும்.

கட்டுப்பாடு என்று பேசும்போது பலரும் நினைப்பது பக்கத்தின் தோற்றத்தை. உண்மையில் அது இரண்டு விஷயம்: காட்சிக்கு முன் பணம் யாரிடம் இருக்கிறது, காட்சிக்குப் பின் பார்வையாளர் பட்டியல் யாரிடம் இருக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி முடிந்த பிறகே கணக்கைத் தீர்க்கும் தளங்கள் உண்டு. ஆனால் அரங்க வாடகையும் ஒளி, ஒலிக்காரரின் முன்பணமும் நிகழ்ச்சிக்கு முன்பே கேட்கப்படும். இதன் தீவிர வடிவம் அமெரிக்காவில் நடந்தது. சியாட்டிலைச் சேர்ந்த பிரவுன் பேப்பர் டிக்கெட்ஸ் சிறு அமைப்பாளர்கள் நம்பிப் பயன்படுத்திய தளம். 2020இல் கொரோனாவால் நிகழ்ச்சிகள் ரத்தானபோது, அமைப்பாளர்களுக்கும் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் சேர வேண்டிய பணத்தை அது தரவில்லை. வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சுமார் 90 லட்சம் டாலர் திருப்பித் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. வழக்கு போட மாநில அரசு முன்வராத ஊரில் அந்தக் குழுக்கள் என்ன செய்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். இது தளங்களுக்கு எதிரான தீர்ப்பு அல்ல. பணத்தைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கும் விரிதாள் குழுவிலும் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. குழுவின் பெயரில் தனிக் கணக்கு இல்லையென்றால் விரிதாளின் கட்டுப்பாடு என்பதும் ஒரு தனி மனிதரின் நாணயம் மட்டுமே.

பட்டியல் விஷயத்தில் விரிதாளுக்கு மேலான வழி இல்லை. அடுத்த நாடகத்துக்கு முதலில் வரப்போகிறவர்கள் இந்த நாடகத்துக்கு வந்தவர்கள்தான். அவர்களின் எண்ணைத் தளம் முழுதாகத் தருமா, பாதி மறைத்துத் தருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தளமே கைமாறினால் என்னாகும் என்பதும் சேர்ந்த கேள்வி. 2024இல் பேடிஎம் தன் டிக்கெட் தொழிலைச் சொமாட்டோவுக்கு விற்றது. அதில் நிகழ்ச்சி போட்டுவந்த குழுக்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

தளம் புதிய பார்வையாளரைக் கொண்டுவரும் என்பது கடைசி மறுப்பு, வலுவானதும்கூட. ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடியது. அந்த 120இல் 30 இருக்கையைத் தளத்துக்குத் தனிப் பங்காகக் கொடுத்து, அதன் சுட்டியை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் பகிராமல் விட்டுப் பார்க்கலாம். அங்கே விற்றதெல்லாம் தளம் கொண்டுவந்த ஆட்கள். அந்த முப்பதும் விற்றால் கமிஷன் சுமார் 740 ரூபாய். இருபது பேர் வந்தால், அதைவிடக் குறைந்த செலவில் இருபது புதிய முகங்களை அரங்குக்குக் கொண்டுவர எந்தப் போஸ்டராலும் முடியாது. அடுத்த முறை தளத்தின் பங்கைக் கூட்டலாம். இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால், காட்சிக்கு மூன்று நாள் முன்பு மிச்ச 28ஐத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, படிவத்தின் பங்கில் சேர்த்து, முதல் சூத்திரத்திலுள்ள மொத்த எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.